நருட்டோவில் எதைத் தாண்டலாம்?

பிரான்சில் இருக்கும் பேரன் சொல்லி 'நருட்டோ' பார்க்கத் தொடங்கினேன். ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். முதல் தொடர் 220 பகுதிகள், அடுத்து வரும் 'ஷிப்புடென்' 500. பகுதிக்கு ஏறக்குறைய 23 நிமிடம். என் வயதில் இது யோசிக்க வேண்டிய கணக்கு. ஆனால் எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை.

காரணம் இதுதான். மசாஷி கிஷிமோட்டோ இந்தக் கதையை 1999 முதல் 2014 வரை ஒரு வாரப் பத்திரிகையில் சித்திரக்கதையாக எழுதினார். 2002-இல் தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்தது. அவர் வாரமெல்லாம் வரைவதைத் தொடர் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். ஒளிபரப்பை நிறுத்தாமல் இருக்க, விருந்தாளிகள் கூடினால் குழம்பில் தண்ணீர் ஊற்றுவதுபோல, புதுக் கதைகளைச் சேர்த்தார்கள்.

இதன் பெரிய உதாரணம் முதல் தொடரின் கடைசியில் இருக்கிறது. நண்பன் சசுகே ஊரைவிட்டு ஓட, நருட்டோ துரத்திப்போய்ச் சண்டையிட்டும் அவனைத் திருப்ப முடியவில்லை. அது 135-ஆம் பகுதியோடு முடிகிறது. 136 முதல் 219 வரை, 84 பகுதிகள், கிட்டத்தட்ட 32 மணி நேரம், ஏறக்குறைய முழுவதும் இட்டு நிரப்பியவை. 220-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். நருட்டோ குரு ஜிராயாவோடு பயிற்சிக்குக் கிளம்புவது அதில்தான். அதன்பின் ஷிப்புடென் முதல் பகுதிக்குப் போனால், இரண்டரை வருடம் கழித்து அவன் ஊர் திரும்புகிறான். கதை அறுபடவில்லை.

அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் அடையாளம் உண்டு. ஆசிரியர் பின்னால் என்ன எழுதுவார் என்று இட்டு நிரப்பியவர்களுக்குத் தெரியாது. அதனால் எதையும் மாற்ற அவர்களுக்குத் துணிவில்லை. புது ஊர், புது ஆள், ஒரு சிக்கல். அது தீர்ந்ததும் எல்லாம் பழையபடி. அந்த ஆளைப்பற்றிப் பிறகு யாரும் பேசமாட்டார்கள்.

ஆனால் இந்த அடையாளத்தை மட்டும் நம்பினால் ஓரிடத்தில் சறுக்கும். ஷிப்புடெனில் 119, 120 இரண்டும் ஆசிரியர் ககாஷியின் சிறுவயதுக் கதை. நடப்புக் கதையை நிறுத்திவிட்டு வருவதால் இட்டு நிரப்பியதுபோலவே தெரியும். ஆனால் அது கிஷிமோட்டோவே எழுதியது. ககாஷிக்கு அந்தக் கண் எப்படி வந்தது, ஒபிடோ யார் என்று அங்கேதான் வருகிறது. அதைத் தாண்டினால் பின்னால் வரும் பெரும்போரில் பாதி புரியாது.

சந்தேகம் வந்தால் புத்தகமே சாட்சி. பேரன் வைத்திருக்கும் பிரெஞ்சுப் பதிப்பில் 27-ஆவது தொகுதியைப் புரட்டினேன். நருட்டோ கிளம்புவதும், அடுத்து ககாஷியின் கதையும் அதிலேயே இருக்கின்றன. அந்த 84 பகுதிகளின் கதை ஏறக்குறைய எதுவும் இடையில் இல்லை.