எடுத்தீர்கள், எடுத்ததாக

பண்ருட்டியில் முந்திரி ஆலைகளின் கடிதங்கள் அந்தக் காலத்தில் இரண்டு தாளாகத்தான் வரும். ஒன்று ஆங்கிலம், சென்னையிலிருக்கும் நிர்வாகத்தின் வழக்கறிஞர் எழுதியது. மற்றொன்று அதன் தமிழ். கடைத்தெருத் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ்த் தாளை எழுதிக்கொடுப்பது என் வேலையாக இருந்தது. தோலுரிக்கிற பெண்கள் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உரக்கப் படிக்க, சுற்றிலும் நாலு பேர் நின்று கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் காகிதத்தை உருளையில் ஏற்றுவேன்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் கடலூரில் வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்த மாமா. குற்றச்சாட்டுக் குறிப்பாணையை மொழிபெயர்க்கும்போது முதலில் வினைமுற்றைப் பார் என்பார். ஒரு கடிதம் இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. மாலை வேலை முடிந்து வெளியே போகும்போது, வாசலில் காவலாளி சோதனையிட்டதில், ஒரு பெண்ணின் பையில் சுமார் இரண்டு கிலோ முழுப் பருப்பு இருந்தது என்பது செய்தி. ஆங்கிலத்தில் ‘திருட்டு’ என்ற சொல் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்தது, அதுவும் நிலையாணையின் பிரிவைச் சொல்லும்போது. மற்ற இடமெல்லாம் ‘வசம் இருந்தது கண்டறியப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்கிற அளவோடு நின்றது.

எனக்கு முன்பு யாரோ எழுதிய வரைவில் அது இப்படி மாறியிருந்தது: “நீங்கள் ஆலைக்குச் சொந்தமான பருப்பைத் திருடி எடுத்துச் சென்றீர்கள்.” வாக்கியம் நல்ல தமிழ்தான். ஆனால் விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. மாமா சொன்னபடி நான் எழுதியது: “நிர்வாகத்துக்குச் சொந்தமான சுமார் 2 கிலோ முந்திரிப் பருப்பு தங்கள் பையில் இருந்ததாகத் தங்கள்மீது குற்றஞ்சாட்டப்படுகிறது. இக்குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டால், அது நிலையாணைகளின்படி திருட்டு எனும் ஒழுங்கீனமாகும்.” ‘சென்றீர்கள்’ என்பதற்கும் ‘இருந்ததாக’ என்பதற்கும் நடுவில்தான் அந்தப் பெண்ணின் வேலை இருந்தது.

இதை எழுதும்போது ஆயா ஞாபகம் வருகிறது. முந்திரி உடைத்து உடைத்துக் கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப் போனவள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பாள். ஊரில் ஒரு சேதி வந்தால் “எடுத்துட்டாளாம்” என்பாளே தவிர, “எடுத்துட்டா” என்று சொல்ல மாட்டாள். அந்த ‘ஆம்’ போதும்: நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன், பொறுப்பு சொன்னவருக்கு. ஆங்கிலச் சட்டக் கடிதம் தனிச்சொல் போட்டுச் செய்கிற காரியத்தை எழுதப் படிக்கத் தெரியாத கிழவி ஒரு விகுதியில் செய்துவிடுவாள். அலுவலகக் கடிதத்தில் ‘ஆம்’ போட்டால் அது ஊர்ப்பேச்சாகிவிடும். அங்கே அதே வேலையைச் செய்வது ‘-ஆக’. குற்றச்சாட்டைச் சொல்லும் எந்த வாக்கியத்திலும் அது விடுபடக்கூடாது. மூன்று வாக்கியத்தில் போட்டுவிட்டு நான்காவதில் விட்டாலும், அந்த நான்காவது வாக்கியம் முடிந்த முடிவாக நிற்கும்.

இது வெறும் நடைப் பிரச்சினை இல்லை என்று பல வருடம் கழித்து உச்ச நீதிமன்றமே சொன்னது. 2010இல் ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கு. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்கு அனுப்பிய விளக்கம் கோரும் அறிவிப்பில், குற்றம் முடிவாகிவிட்டதுபோலவே எழுதியிருந்தார்கள். முடிவை முதலிலேயே எழுதிவிட்டு விளக்கம் கேட்பது வெற்றுச் சடங்கு என்று கருதி, அந்த நடவடிக்கையை நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே மூலக் கடிதமே அப்படி. எங்கள் ஊரில் மூலம் சரியாக இருந்து, மொழிபெயர்ப்பு அந்தப் பிழையைத் தானாகச் சேர்த்துவிடும். அப்போது தொழிலாளிக்கு அநியாயம். நிர்வாகத்துக்கும் வழக்கில் ஓட்டை.

மாமா இரண்டாவதாகப் பார்ப்பது விளிச்சொல். நீதிமன்ற அழைப்பாணையில் ‘நீர்’ என்று எழுதும் பழக்கம் உண்டு. அதைப் பார்த்துப் பழகியவர்கள் ஆலைக் கடிதத்திலும் ‘உமக்கு’, ‘உம்மீது’ என்று எழுதிவிடுவார்கள். கேட்கிறவளுக்கு அது அதட்டலாக விழும். அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது கலப்பு. முதல் பத்தியில் ‘திருமதி’, ‘தாங்கள்’. குற்றத்தைச் சொன்னதும் ‘நீங்கள்’. தண்டனை வரும் பத்தியில் ‘உமக்கு’. எழுதுகிறவரின் மனசு எந்த வரியில் மாறியது என்று அப்படியே தெரியும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல், முதல் வரியிலிருந்து கடைசி வரை மாறாது. தமிழிலும் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் கையொப்பம் வரை அதே மரியாதை நிற்க வேண்டும். காவலாளியும் மேற்பார்வையாளரும் ‘அவர்’ என்றால், குற்றஞ்சாட்டப்பட்டவரும் ‘அவர்’தான்.

வீடுகளில் அழுகையைக் கிளப்பியது சஸ்பென்ஷன் பத்தி. ‘தற்காலிகப் பணிநீக்கம்’ என்று எழுதுவது வழக்கம். பிள்ளை படிக்கும்போது ‘நீக்கம்’ ஒன்றுதான் காதில் ஏறும். வேலை போய்விட்டது என்று அடுப்படியில் ஒப்பாரி தொடங்கும். நிரந்தரமாக வெளியேற்றுவதும் பணிநீக்கம்தான் என்பதால் குழப்பம் நியாயமானது. ‘பணியிடை நீக்கம்’ கொஞ்சம் தெளிவு. நான் எழுதியது: “விசாரணை முடியும்வரை தாங்கள் பணியிடை நீக்கத்தில் வைக்கப்படுகிறீர்கள்.” ‘முடியும்வரை’ என்பதை வாக்கியத்தின் தலையில் வைத்ததால், கேட்கிறவருக்கு எல்லை முதலில் தெரிந்துவிடும். எதையும் கூட்டவில்லை, இருந்ததை இடம் மாற்றியதுதான்.

அடுத்து வரும் பிழைப்பூதியப் பத்தியை ஒருபோதும் சுருக்கக்கூடாது. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 90 நாளுக்குக் கூலியில் பாதி, அதற்கு மேல் 180 நாள் வரை முக்கால், அதன் பிறகு முழுக் கூலி என்று வைத்தது. மூலத்தில் ‘சட்டப்படியான படி வழங்கப்படும்’ என்று மட்டும் இருந்தால் தமிழிலும் அவ்வளவுதான் எழுத முடியும். விகிதத்தை நானாகச் சேர்க்க முடியாது. ஆனால் அதை நிர்வாகத்திடம் கேட்டு மூலத்திலேயே சேர்க்கச் சொல்ல முடியும். மாமா அப்படித்தான் செய்வார். மொழிபெயர்ப்பாளர் கைவைக்கக்கூடாதது மொழிபெயர்ப்பில்தான். கேள்வி கேட்க யாரும் தடுக்கவில்லை.

கெடுவும் அப்படியே. ‘கிடைத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள்’ என்பதை ‘இக்கடித நாளிலிருந்து’ என்று ஆக்கினால், தபால் மூன்று நாள் தாமதித்தால் பதில் எழுத நாலு நாள்தான் மிச்சம். பதில் வரவில்லை என்றால் ‘சொல்ல எதுவுமில்லை எனக் கருதப்படும்’ என்பது அடுத்த வரி. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு சொல்லின் எடை தெரியும்.

நிலையாணைகளைப் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் ஆலை வாசலில் ஒட்ட வேண்டும் என்று 1946இலேயே சட்டம் சொன்னது. ஒட்டிய தமிழில் என்ன சொல் இருக்கிறதோ, அதையே குறிப்பாணையிலும் எடுத்தாள வேண்டும். அழகுக்காக வேறு சொல் போட்டால், எந்தப் பிரிவைச் சொல்கிறீர்கள் என்று தொழிலாளி கேட்கலாம். கேட்பது அவர் உரிமை. அதனால் எழுதி முடித்ததும் வாசல் பலகையின் நகலை ஒரு பக்கம், என் தாளை மறுபக்கம் வைத்து ஒப்பிடுவேன். கடைசியாகக் குற்றச்சாட்டு வாக்கியங்களை மட்டும் தனியாக மறுபடி படிப்பேன். ‘-ஆக’ எல்லா இடத்திலும் இருந்தால்தான் தாள் பயிலகத்தை விட்டு வெளியே போகும்.