ஆறாம் மாதம் எழுதின கடிதம்

தை மாதம் எங்கட சிநேகிதியின் அம்மா மோசம் போனார். செத்தவீட்டில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். கதிரை அடுக்கினோம், தேத்தண்ணி கொடுத்தோம், கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் எழுத்துப்பிழை பார்த்தோம். எட்டுச்செலவுக்கும் போனோம். முப்பத்தொண்டு அன்று கீரிமலையில் அந்தியேட்டி முடிந்து, வீட்டில் மத்தியானச் சாப்பாடும் முடிந்து, கல்வெட்டை ஆளுக்கொன்றாய்க் கையில் வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினோம்.

அதுக்குப் பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. வீட்டாருக்கு மாசியம் இருக்கும், வருசம் முடிய ஆட்டைத்திவசம் இருக்கும். சிநேகிதருக்கு அப்படி ஒரு நாளும் இல்லை. அவள் பேராதனைக்குத் திரும்பிப் போனாள். வட்ஸ்அப் குறூப்பில் பழையபடி பகிடி ஓடியது, அவளும் சிரிப்பு முகம் போட்டாள். அம்மாவைப் பற்றிக் கதைத்தால் அழுவாள் என்று நாங்கள் கதைக்கவில்லை. அவளும் கதைக்கவில்லை. எல்லாரும் அவளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சித்திரை வருசப்பிறப்புக்கு அவள் ஊருக்கு வந்தபோது, எங்களில் ஒருத்தி வாய் தவறி, "அன்ரி தைச்ச அந்த நீலச் சட்டை இன்னும் என்னட்டக் கிடக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டு, "சொறியடி" என்றாள். சிநேகிதி எங்களைப் பார்த்து, "ஏன் சொறி சொல்லுறாய்? சொல்லன். இப்ப ஒருத்தரும் அம்மாவைப் பற்றிக் கதைக்கினமில்லை" என்றாள். அழவில்லை. அந்த நீலச் சட்டைக்கு எத்தனை பொத்தான் வைத்தது என்றுகூடக் கேட்டாள்.

அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது, நாங்கள் காப்பாற்றினது அவளை இல்லை, எங்களை. அவள் அழுதால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியாததால் அவளின்ட அம்மாவைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டிருந்தோம். அதனால் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவெடுத்தோம்.

முதல் எழுதினது சரிவரவில்லை. அதில் இப்படி இருந்தது: "எப்பிடி இருக்கிறாய்? ஒழுங்காச் சாப்பிடுறியா? அன்ரி மேல இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பா. கடைசியா வாட்டில எங்களைக் கண்டு சிரிச்சவ, அதை மறக்கேலாது." எழுதி முடித்தபோது எங்களுக்கு நல்லதாகத்தான் பட்டது. அடுத்த நாள், அவளாக இருந்து வாசித்துப் பார்த்தோம். ஒவ்வொரு வசனத்தையும் வாசித்துவிட்டு, இப்ப அவள் எங்க நிக்கிறாள் என்று கேட்டோம். "கடைசியா வாட்டில" என்றதும் அவள் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நிற்கிறாள். நாங்கள் அங்கே பத்து நிமிசம் நின்றோம். அவள் பத்தொன்பது நாள் நின்றவள். அந்த வாசலை அவளே திறந்தால் கூடப்போகலாம், நாங்கள் திறக்கக்கூடாது. அந்த வசனத்தை வெட்டினோம்.

"எப்பிடி இருக்கிறாய்" என்பதையும் வெட்டினோம். கேள்வி ஒன்று போய்ச் சேர்ந்தால் பதில் ஒரு கடன் மாதிரி நிற்கும். நல்லாயிருக்கிறன் என்று பொய் சொல்லவேணும், இல்லாட்டி உண்மையைச் சொல்லி எங்களைச் சமாளிக்கவேணும். அவளுக்கு இரண்டும் வேலைதான். "மேல இருந்து பார்ப்பா" என்பது எங்களுக்கே உறுதியில்லாத விசயம். நம்புகிறவர் சொன்னால் அது வேறு. நாங்கள் வசனம் முடிக்கத் தெரியாமல் எழுதினது.

வெட்டின பிறகு தாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்ப என்னதான் எழுதுவது?

அவளிடம் இல்லாத ஒன்றை எழுதவேணும் என்று யோசித்தோம். அம்மா நல்லவர், அன்பானவர் என்பது அவளுக்கு எங்களைவிடத் தெரியும், கல்வெட்டிலும் அச்சடித்துக் கிடக்கிறது. ஆனால் அவள் பக்கத்தில் இல்லாத நேரம் அம்மா எங்களோடு எப்படி இருந்தார் என்பது எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அப்படி ஒரு கதை எங்களில் ஒருத்தியிடம் இருந்தது. ஓ.எல். படித்த காலத்துக் கதை. வெட்கப்பட்டு எட்டு வருசமாக எங்களுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவள், அன்றைக்கு முதல்முதல் சொன்னாள். "இதை எழுதுவம்" என்றும் அவளே சொன்னாள்.

எப்ப அனுப்புவது என்றும் கதைத்தோம். சித்திரா பூரணை, அம்மாவை இழந்தவர்கள் விரதம் பிடிக்கிற நாள். அன்றைக்கு அனுப்புவோமா என்று ஒருத்தி கேட்டாள். அப்படியான நாளில் வீட்டில் சமையலும் படையலும் சொந்தக்காரரும் இருப்பார்கள், அம்மாவை எல்லாரும் நினைப்பார்கள். வைகாசியில் வந்த அன்னையர் தினத்தில் எல்லாற்ற ஸ்ரேற்றசிலும் அம்மாமார் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அன்றைக்கும் அனுப்பவில்லை. ஒரு விசேசமும் இல்லாத, அவளுக்குச் சோதனையும் இல்லாத ஒரு புதன்கிழமைப் பின்னேரம்தான் அனுப்பினோம். அப்ப ஆறாம் மாதம்.

குரல் பதிவு அனுப்பவில்லை. எங்கட குரல் தழுதழுத்தால் அவள் எங்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டி வரும். படமும் வைக்கவில்லை. போனைத் திறந்தவுடனே படம் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும், விரிவுரை நடுவிலோ பஸ்ஸிலோ. எழுத்தென்றால் முதல் வரியோடு நிறுத்திவிட்டுப் பிறகு வாசிக்கலாம். அதனால் முதல் வரியிலேயே இது எதைப் பற்றினது என்று சொல்லிவிட்டோம்.

அவளிடம் கேட்டுத்தான் கடிதத்தை இங்கே போடுகிறோம்.

"எடியே, இது அன்ரியைப் பற்றின ஒரு சின்னக் கதை. இப்ப வாசிக்க மனமில்லையெண்டா வை, எப்பவாவது வாசி. பதில் போடத் தேவையில்லை.

ஓ.எல். வருசம் எங்களில ஒருத்தி (ஆரெண்டு உனக்கு விளங்கும்) திடீரெண்டு வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில தந்த வெள்ளைத்துணியைத் தங்கச்சிக்குத் தைச்சாச்சு, புதுசு வாங்கக் காசில்லை. பழைய சட்டையைப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு, நீ ரியூசனுக்குப் போற நேரம் பார்த்து உங்கட வீட்டுக்கு வந்தவள். அன்ரி ஒண்டும் கேக்கேல்ல. சட்டையை மறுபக்கம் திருப்பிக் காட்டினவ. கீழ்க்கரையில இரண்டு அங்குலம் கூட உள்ளுக்கு மடிச்சு விட்டிருந்தவ. 'எல்லாற்ற சட்டையிலயும் விடுறனான், நீங்கள் வளருவியள் எண்டு எனக்குத் தெரியும்தானே' எண்டு சொல்லி, பிளேட்டால நூலைப் பிரிச்சு இறக்கி, திருப்பி அடிச்சுத் தந்தவ.

இறக்கின பிறகு பழைய மடிப்பிருந்த இடத்தில ஒரு கோடு தெரிஞ்சது. அதைப் பார்த்து இவள் அழத் தொடங்கினவள். அன்ரி அளவு நாடாவைக் கழுத்தில போட்டபடி, 'அது பழசின்ட கோடில்லைப் பிள்ளை, நீ வளர்ந்த கோடு' எண்டவ. காசு வாங்கேல்ல. 'இவளுக்குச் சொல்லமாட்டன்' எண்டவ. உனக்கு இண்டைக்குவரை தெரியாதெண்டா, அவ சொல்லவே இல்லை எண்டுதான் அர்த்தம்.

நாங்கள் இப்பவும் அன்ரியைப் பற்றிக் கதைக்கிறனாங்கள். நீ இருக்கேக்கயும் இனிக் கதைப்பம். வேண்டாமெண்டா சொல்லு, நிப்பாட்டுவம்.

ஆவணியில நீ வரேக்க உங்கட வீட்டுக்கு வாறம். மாமரத்தடி கூட்ட ஆக்கள் தேவையெண்டு அப்பா சொன்னவர். நாங்கள் மூண்டு பேரும்."

கடைசி வரியைப் பற்றி ஒன்று சொல்லவேணும். முதலில், "என்ன உதவி வேணுமெண்டாலும் கேள்" என்று எழுதியிருந்தோம். அப்படிச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. எந்த மாதம், எந்த வேலை என்று எழுதினால், வாங்கோ என்றோ வேண்டாம் என்றோ சொல்வது அவளுக்கு லேசு.

நீலக்கோடு அன்றைக்கு இரவே விழுந்துவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை என்று பதில் இல்லை. பிழை விட்டிட்டம் என்று எங்களுக்குப் பயம் வந்தது. "வாசிச்சனியா, கோவமா" என்று கேட்கக் கை போனது. ஆனால் பதில் தேவையில்லை என்று எழுதினவர்கள் நாங்கள். கேட்டால் அது பொய்யாகிவிடும். நாங்கள் குறூப்பில் வழமைபோலக் கதைத்தோம், அவளும் கதைத்தாள்.

ஒன்பதாம் நாள் இரவு அவள் எழுதினாள்: "அந்த அளவு நாடா இப்பவும் மெசின் லாச்சிக்குள்ளதான் கிடக்கு. அறுபதாம் அங்குலப் பக்கம் பிய்ஞ்சிட்டுது. எனக்கு உண்மையாத் தெரியாதடி." பிறகு இன்னொன்று: "இன்னும் கதை இருந்தாச் சொல்லுங்கோ. எல்லாத்தையும் ஒரே நாளில வேண்டாம்."

இதை எல்லாருக்கும் இப்படியே எழுதலாம் என்று நாங்கள் நினைக்கவில்லை. எங்கட ஊரிலேயே, பிள்ளை காணாமல் ஆக்கப்பட்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே "இருந்தவர்" என்று இறந்த காலத்தில் ஒரு சொல்லை எழுதினாலே, அந்த அம்மா ஒத்துக்கொள்ளாத தீர்ப்பை நாங்கள் எழுதினதாகிவிடும். தற்கொலையில் போனவரின் வீட்டுக்கும் இந்தக் கடிதம் பொருந்துமோ தெரியாது. எங்கட சிநேகிதி முதலில் "சொல்லன்" என்றவள். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் நாங்கள் எழுதினோம்.

ஆவணியில் போனோம். மாமரத்தடி கூட்டினோம். தையல் மெசின் அறையில் அவள் லாச்சியைத் திறந்து அளவு நாடாவை எடுத்து எங்கள் ஒவ்வொருத்தியின் உயரத்தையும் அளந்தாள். ஒருத்தரும் ஒரு அங்குலமும் வளரவில்லை. "இனிச் சட்டைக்கு மடிப்பு விடத் தேவையில்லை" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். நாங்கள் பக்கத்தில் இருந்தோம். அப்பா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.