இரண்டு அட்டைகள்

அந்த விடுதி அறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டரை மணி. மதுரையில் மருத்துவ மேற்படிப்புப் படிக்கும் ஒரு மாணவி, தன் ஆய்வுக்காகப் பாம்புக்கடி பற்றி 22 பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அதைக் கேள்வி அட்டைகளாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இளநிலை மாணவர் ஒருவர் மடிக்கணினியில் அங்கி என்ற செயலியைத் திறந்து வைத்து, அந்த வேலையைப் பழகிக்கொண்டிருந்தார்.

அன்றைய பக்கம், 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் வழிந்தால், உறையும் தன்மையை விஷம் குலைத்துவிட்டது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூளால் கழுவிய குழாயோ ஆகாது.

இளையவர் முதலில் ஒரே அட்டைதான் எழுதினார். கேள்வி: “சோதனையை விளக்குக.” பதில் ஆறு வரி.

“இதுக்கு நாளைக்கு நீ பாதி பதில் சொல்லுவே, தம்பி. அதைச் சரின்னு அமுக்குவியா, தப்புன்னு அமுக்குவியா?” என்று கேட்டார் மூத்தவர்.

கேள்வியின் பொருள் எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. நாம் சொல்லும் மதிப்பீட்டை வைத்துத்தான் ஓர் அட்டையை அடுத்து எப்போது காட்டுவது என்று செயலி முடிவு செய்கிறது. பாதி தெரிந்த பதிலுக்கு நேர்மையான மதிப்பீடு கிடையாது. சரி என்றால் தெரியாத பாதி மறைந்துபோகும். தப்பு என்றால் தெரிந்த பாதியையும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு பதில் என்ற விதியின் காரணம் இதுதான். போலந்துக்காரரான பியோத்ர் வோஸ்னியாக் 1999-ல் தொகுத்த இருபது விதிகளிலும் இது முக்கியமான ஒன்று.

நோட்டை மூடிவிட்டு மறுபடி எழுதினார்கள்.

“எவ்வளவு ரத்தம்?” 2 மி.லி.

“எந்தக் குழாய்?” கண்ணாடி.

“எவ்வளவு நேரம்?” என்ற அட்டையை மூத்தவர் அழிக்கச் சொன்னார். சோதனையின் பெயரிலேயே பதில் இருக்கிறது. அதைச் சொல்ல நினைவே தேவையில்லை.

“ஏன் கண்ணாடி?” என்று அடுத்து எழுதியதும் இளையவரின் கை நின்றுவிட்டது. குறிப்பில் ‘ஆகாது’ என்று இருந்ததே தவிரக் காரணம் இல்லை. புத்தகத்தைப் புரட்டினார்கள். ரத்தம் கண்ணாடிப் பரப்பில் படுவதுதான் உறைதலைத் தூண்டுகிறது. அது அட்டையானதும் இன்னொன்று தானாக வந்தது: “பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் உறையவில்லை. விஷம் ஏறியிருக்கிறதா?” பதில்: “சொல்ல முடியாது.” வார்டில் ஒரு நோயாளிக்கு உதவப்போவது இந்த அட்டைதான் என்று எனக்குப் பட்டது.

பிறகு மூத்தவர் தன் பழைய அட்டை ஒன்றைக் காட்டினார். எட்டு முறை தவறியதால் செயலி அதைத் தானாகவே நிறுத்தி வைத்திருந்தது. இப்படி நேரத்தை உறிஞ்சும் அட்டைக்கு ஆங்கிலத்தில் ரத்தம் குடிக்கும் அட்டையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.

அதில் இருந்த கேள்வி: “ரத்தம் உறைவதைக் கெடுக்கும் பாம்பு எது?” அவர் எழுதி வைத்த பதில் கண்ணாடி விரியன். ஆனால் சுருட்டை விரியனும் அதையே செய்யும். “எட்டுத் தடவையும் என் ஞாபகத்தைத்தான் திட்டிக்கிட்டேன் சார். தப்பு கேள்வியிலதான் இருந்துச்சு” என்றார். ஒரு கேள்விக்கு இரண்டு சரியான பதில் இருந்தால் மனம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றைப் பிடிக்கும். அவர் கேள்வியை மாற்றினார்: “இரண்டு விரியன்களில் சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பது எது?” இப்போது கண்ணாடி விரியன் மட்டுமே பதில்.

கட்டுவிரியனுக்கும் இப்படித்தான். ‘கட்டுவிரியன் கடியின் அறிகுறிகள் யாவை?’ என்று பட்டியல் கேட்காமல், “இரவில் தரையில் தூங்கியவர், கடிவாயில் வீக்கமில்லை, காலையில் இமை சரிகிறது. எந்தப் பாம்பு?” என்று எழுதியிருந்தார். நோயாளி வந்து நிற்கும் விதத்திலேயே கேள்வியும் நிற்கிறது.

பதினொரு மணிக்கு ஒன்றரைப் பக்கம் முடிந்து பதினோர் அட்டைகள் ஆகியிருந்தன. ஒவ்வொன்றின் பின்புறமும் நோட்டின் பக்க எண்ணைக் குறித்தார்கள். அட்டை துண்டைத்தான் வைத்திருக்கும். எந்த அறிகுறிக்குப் பின் எதைச் செய்வது என்ற கோவை நோட்டில்தான் இருக்கிறது.

நீளமான குறிப்பை எழுதி முடித்துவிட்டு, புரிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோட்டை மூடிவிட்டு அதில் ஒரு பத்தியை மட்டும் கேள்விகளாக எழுதிப் பாருங்கள். கை எங்கே நிற்கிறதோ, அங்கே நீங்கள் இன்னும் படிக்கவில்லை.