பதினொரு நாள்களுக்கு முந்தைய கணினி

கடந்த மாதம் ஓர் இரவு, ஒரேயொரு இடைவெளியால் என் ஆய்வுத் தரவில் பெரும்பகுதியை அழித்துவிட்டேன். ஆதிலாபாத் பகுதியில் பதிவுசெய்த கோலாமி மொழிப் பேச்சில் குறில், நெடில்களின் கால அளவை அளந்து வருகிறேன். ஒவ்வோர் உயிரொலியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிராட் மென்பொருளில் கையால் குறித்துச் சேமித்த கோப்புகள் aligned என்னும் அடைவில் இருந்தன. அதனுள் இருந்த old என்ற பழைய உள்ளடைவை மட்டும் நீக்க விரும்பினேன். தட்டச்சு செய்ததோ இப்படி:

```
rm -rf aligned /old
```

சாய்கோட்டுக்கு முன் விழுந்த இடைவெளி ஒரு பெயரை இரண்டாக்கியது. முழு அடைவும் போயிற்று. `/old` என்று எதுவும் இல்லாதபோதும், `-f` இருந்ததால் கணினி முறையிடவில்லை. கட்டளை வெற்றியுடன் முடிந்தது போலவே திரை அமைதியாக இருந்தது. சிறிது நேரம் கழித்துப் பிராட்டில் கோப்பைத் திறக்க முயன்றபோதுதான் உண்மை தெரிந்தது.

இந்தப் பணி முழுவதும் என் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸில் இயங்கும் உபுண்டு மெய்நிகர் கணினியில்தான் நடக்கிறது. பதினொரு நாள்களுக்கு முன், உபுண்டுவைப் புதுப்பிப்பதற்கு அஞ்சி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். உடனே அதற்குத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் கை துடித்தது. விடுதியில் அடுத்த அறையில் இருக்கும் கணினியியல் ஆய்வாளர், "திரும்பினால் பதினொரு நாளும் சேர்ந்து போய்விடும், தெரியுமல்லவா?" என்று கேட்டிராவிட்டால் அப்படியே செய்திருப்பேன்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் வட்டுக் கோப்பு உறைந்துவிடுகிறது. அதன்பின் நாம் எழுதுவதெல்லாம் தனியொரு வேறுபாட்டுக் கோப்பில் சேர்கின்றன. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது விர்ச்சுவல்பாக்ஸ் அந்த வேறுபாட்டுக் கோப்பை எறிந்துவிட்டு வெற்றுக் கோப்பு ஒன்றைத் தொடங்குகிறது. அழித்தல் மட்டும் நீங்குவதில்லை. அழித்தலுக்கு முன் செய்த நல்லவையும் நீங்குகின்றன. என் சொற்பட்டியலில் சேர்த்த பதிவுகள், அளவீட்டு நிரல்கள், இயல் வரைவின் திருத்தங்கள் யாவும் அந்தப் பதினொரு நாள்களில் உருவானவை. அவை அழியாமல் வேறு அடைவுகளில் இருந்தன.

ஆகவே, சேதமடைந்த நிலையையும் முதலில் ஒரு ஸ்னாப்ஷாட்டாக்கினோம். சேதத்தைப் பாதுகாப்பது விந்தையாகத் தோன்றியது. ஆனால் அவ்வாறு செய்தால் வேறுபாட்டுக் கோப்பு எறியப்படாமல் தனிக் கிளையாக நிற்கும். சுவடிப் பதிப்பில் பிழை மலிந்த படியையும் பதிப்பாசிரியர் எரித்துவிடுவதில்லை. சில நல்ல பாடங்கள் அதில் மட்டுமே இருக்கலாம். மெய்நிகர் கணினியை முறைப்படி அணைத்துவிட்டு, மடிக்கணினியில் இவற்றை இயக்கினோம்:

```
VBoxManage snapshot "kolami" take "after-loss"
VBoxManage snapshot "kolami" restore "before-upgrade"
```

மீண்டும் இயக்கியபோது aligned அடைவு இருந்தது. அதை மடிக்கணினியோடு பகிர்ந்துள்ள கோப்புறைக்கு நகலெடுத்தேன். கணினியை அணைத்து, இம்முறை after-loss நிலைக்குத் திரும்பி, நகலை உரிய இடத்தில் வைத்தேன். கடந்த காலத்துக்குச் சென்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நிகழ்காலத்துக்கு வந்துவிட்டேன், அங்கே குடியேறவில்லை.

பகிர்ந்த கோப்புறை இங்கே உதவிற்று. என்னை அதிகம் நடுங்க வைத்ததும் அதுவே. என் மூல ஒலிப்பதிவுகள் அனைத்தும் அதில்தான் இருந்தன. அது மெய்நிகர் வட்டின் பகுதியன்று. மடிக்கணினியின் சொந்தக் கோப்புறை. எனவே ஸ்னாப்ஷாட்டில் அது அடங்காது. அதே கட்டளையை அங்கே இட்டிருந்தால் எந்த ஸ்னாப்ஷாட்டும் அவற்றை மீட்டிருக்காது. மடிக்கணினியின் குப்பைத்தொட்டிக்குக்கூட அவை போயிருக்க மாட்டா. வட்டே பழுதானாலும் கதை அதுதான். வேறுபாட்டுக் கோப்பு மூலக் கோப்பைச் சார்ந்தது. இரண்டும் ஒரே வட்டில்தான் இருந்தன. இப்போது ஒலிப்பதிவுகளுக்கு வெளி வட்டில் ஒரு படி இருக்கிறது.

மீளாதவையும் உண்டு. ஸ்னாப்ஷாட்டுக்கு முன் குறித்து முடித்த 31 பதிவுகளும் வந்துவிட்டன. அதன்பின் குறித்த 12 பதிவுகளின் கோப்புகள் எந்த ஸ்னாப்ஷாட்டிலும் இல்லை. அவற்றில் நான்கை நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். மற்ற எட்டையும் மீண்டும் குறிக்க ஒன்பது நாள்கள் ஆயின.

அந்த எட்டை முடித்த பிறகு, மின்னஞ்சலில் தப்பிய நான்கில் ஒன்றையும், பழைய கோப்பைப் பாராமல், புதிதாகக் குறித்துப் பார்த்தேன். நெட்டுயிர்களின் எல்லைகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. மூக்கொலிக்கு முன் வரும் குற்றுயிர்களில் மட்டும் முடிவெல்லையை முதல்முறை வைத்ததைவிடத் தொடர்ந்து முன்னதாக வைத்திருந்தேன். நெறியாளர் இரு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சூழலில் எல்லையை எங்கே வைப்பது என்ற விதியை எழுதிய பிறகு 31 பதிவுகளையும் மறுபடி திறக்கச் சொல்லியிருக்கிறார். நாளை தொடங்குகிறேன்.