அதே மாத்திரைதானா?

விழுப்புரம் ஜங்ஷனுக்கு வெளியே இருக்கும் அந்தக் கடையில் நான் வாய் திறந்து டீ கேட்டது முதல் ஒரு வாரம்தான். அப்புறம் நான் ரோட்டைக் கடக்கும்போதே மாஸ்டர் கிளாஸை எடுத்துவிடுவார். அரைச் சர்க்கரை, டிகாஷன் தூக்கலாக. காலை ஏழு மணிக்கு நம்மை ஒருத்தர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. இரண்டு கடை தள்ளி இதைவிட நல்ல டீ கிடைக்கும் என்று தெரிந்தும் நான் அங்கே போனதில்லை.

டீ குடித்துவிட்டு பஸ். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டித் திண்டிவனம். அங்கே ஒரு மருந்துக்கடையில் இரண்டு வருடம் ஹெல்ப்பராக இருந்தேன். மாஸ்டர் செய்வதை நானும் அங்கே செய்து பார்த்தேன். யாருக்கு எந்த பிரஷர் மாத்திரை, யார் முப்பது நாளைக்கு வாங்குவார், யார் சம்பளம் வரும்வரை ஐந்து ஐந்தாக வெட்டிக் கேட்பார், எல்லாம் மனப்பாடம். பெரியவர்கள் காலி அட்டையை நீட்டுவதற்குள் மாத்திரை மேஜையில் இருக்கும். “இந்தப் பையன் இருக்கும்போதுதான் வருவேன்” என்று ஒரு அம்மா சொன்னதை வீட்டில் போய்ச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அப்போதுதான் அந்த டீச்சர் விஷயம் நடந்தது. மாதம் ஒருமுறை சீட்டோடு வந்து அல்பிரசோலம் 0.25 வாங்குவார். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் எழுதித் தருகிற மாத்திரை. முந்தின நாள் வந்தபோது ஸ்டாக் இல்லை. மறுநாள் சாயங்காலம் கூட்டத்தில் அவர் முகம் தெரிந்ததுமே நான் உற்சாகமாகக் குரல் கொடுத்தேன்.

“டீச்சர், உங்க தூக்க மாத்திரை வந்துடுச்சு!”

அவர் பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்து, “என்ன மிஸ், தூக்கமே வர்றதில்லையா?” என்றார். அவர் வகுப்புப் பையனின் அம்மா என்று நினைக்கிறேன். டீச்சர் சிரித்தார். “எனக்கில்லைங்க. தம்பி, ரெண்டு பாரசிட்டமால் குடு.” வாங்கிக்கொண்டு போனவர்தான், திரும்ப வரவில்லை.

ஃபார்மசிஸ்ட் அண்ணன் கடை சாத்தும்வரை எதுவும் சொல்லவில்லை. ஷட்டரை இழுக்கும்போது கேட்டார்: “அந்த மாத்திரைய ரொம்ப நாள் சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா?” தெரியாது. சுத்தமாகத் தூக்கம் போய்விடும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்புகூட வரும் என்றார். வெட்கப்பட்டுப் போய்விட்டார், பாவம் என்பதோடு என் கணக்கு முடிந்திருந்தது. அவர் அன்று ராத்திரியை யோசித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் எப்படிப் பேசுகிறார் என்பதையே கவனிக்க ஆரம்பித்தேன். அவருக்கு என்னைவிட அதிகம் ஞாபகம் இருந்தது. ஆனால் மருந்தின் பெயரும் நோயின் பெயரும் அவர் வாயில் வராது. “அதேதானா? எத்தனை நாளைக்கு?” அவ்வளவுதான். உள்ளேயே பழுப்புக் கவரில் போட்டு எடுத்து வருவார். இன்சுலின் என்றால், “ஃப்ரிட்ஜ்ல இருக்கறதா?”

இப்படியே எப்போதும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடும் ஒரு தாத்தா, முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் கேட்டு வந்தார். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். வேறு கடையாக இருந்தால் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இங்கே அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. கவுன்டரின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, காதருகே குனிந்து, “டாக்டர கேட்டுட்டு வாங்க தாத்தா” என்றார். என்னிடம் இருந்ததும் அதே ஞாபகம்தான். நான் அதைக் கூட்டத்துக்கு நடுவில் கத்தினேன்.

டீச்சருடைய மாத்திரை ஹெச்1 அட்டவணையில் வருவது. 2014 மார்ச்சிலிருந்து அந்த வகை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அவர் பெயரைப் பல தடவை அதில் எழுதியவன் நான்தான். சட்டம் எழுதித்தான் வைக்கச் சொன்னது. நான் படித்தே காட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்கப் போனேன். முன்னால் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கவுன்டர் பையன் தலை நிமிராமல், “பேரு?” என்றான். சொன்னார். எழுதிக்கொண்டான். அதே பதிவேடு, அதே பெயர். அந்தப் பெயரைத் தெரியாத ஒருவன் எழுதுவதற்காக நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்திருக்கிறார். மாத்திரையை நிறுத்தவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்றும் தோன்றியது. அது இன்னொரு தடவை கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடும். அவர் திரும்புவதற்குள் இறங்கி நடந்துவிட்டேன்.

சில வாரம் போனது. ஒருநாள் காலை மாஸ்டர் டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்: “என்ன தம்பி, கூட ஒரு பொண்ணு வருமே, நாலு நாளா காணோம். சண்டையா?” பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர் பாசமாகத்தான் கேட்டார். எனக்கு டீ இறங்கவில்லை.

மறுநாள் இரண்டு கடை தள்ளிப் போனேன்.

“சர்க்கரை எவ்ளோண்ணே?” என்றான் பையன்.

“அரை” என்றேன்.