"ஒரு பட்டனைத் தட்டினா வரப்போகுது, அதுக்கு மூவாயிரத்து அறுநூறா?"

எங்கள் மாமா ஓசூரில் சின்னதாக ஒரு ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறார். பழைய நாலு கலர் மெஷின் ஒன்று, கட்டிங் மெஷின் ஒன்று, ஆபரேட்டர் அண்ணன், ஹெல்பர் தம்பி. அவ்வளவுதான் பிரஸ். லீவுக்குப் போகும்போதெல்லாம் பில் போடுவது என் வேலை. டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிற எனக்கு ஒரு செய்தியைப் பத்து நிமிஷத்தில் ஏற்றிவிட முடியும். அதனாலேயே, பிரஸ்ஸில் ஒரு வேலைக்கு ஏன் ஐந்து நாள் கேட்கிறார்கள் என்று எனக்கும் ரொம்ப நாள் புரிந்ததில்லை.

ஓசூரில் பிப்ரவரி கடைசி வந்தால் பிரஸ்காரர்களுக்கு ஒரு பயம் வரும். மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினம். 1966-ல் அதே தேதியில் தேசிய பாதுகாப்பு கவுன்சில் தொடங்கப்பட்டதை வைத்து வந்த நாள் அது. சிப்காட் கம்பெனிகளில் அன்று காலை உறுதிமொழி எடுப்பார்கள். அந்த வாரம் முழுக்கப் போட்டி, பேச்சு என்று நடக்கும். போஸ்டர், பேட்ஜ், கையேடு எல்லாம் வேண்டும். தேதி வருஷா வருஷம் மாறாது. ஆனாலும் ஆர்டர் மட்டும் மார்ச் 1-ம் தேதி சாயங்காலம்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி வந்த ஒரு அவசர வேலையை மாமா ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமல் செய்து கொடுத்தார். பழகிய கஸ்டமர், முகத்தை முறிக்க முடியவில்லை. ஒரு பக்கம் அச்சடித்த தாளை, மை காய்வதற்குள் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஓட்டினார்கள். அடுக்கில் மேல் தாளின் மை கீழ்த் தாளில் ஒட்டிக்கொண்டது. பிரஸ்ஸில் இதை 'செட்-ஆஃப்' என்பார்கள். தமிழ்ப் பக்கத்துக்கு மேல் கன்னட எழுத்து நிழல்போல நின்றது. முந்நூறு பிரதி குப்பைக்குப் போனது. இரண்டு ராத்திரி கண்விழித்த ஆபரேட்டர் அண்ணனுக்கு டீயும் பரோட்டாவும்தான் மிச்சம். மறுமாதம் அவர், "அண்ணே, சிப்காட்ல ஒரு கம்பெனியில கூப்பிடறாங்க. அங்க ஓவர்டைம்னா டபுள் சம்பளம்" என்றார். மாமாவுக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது. நல்ல ஆபரேட்டர் கிடைப்பது இந்த ஊரில் அத்தனை சுலபமில்லை.

அதற்குப் பிறகு மாமா, 'அவசரம்னா அம்பது பர்சென்ட் சேர்த்துக் கொடுங்க' என்று சொல்ல ஆரம்பித்தார். வந்தவர்கள் எல்லோரும் சண்டை போட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது: ஏன் ஐம்பது, ஏன் நாற்பது இல்லை? மாமாவிடம் பதில் இல்லை.

போன வருஷம் மார்ச் 1 சாயங்காலம் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி வந்தார். எட்டுப் பக்கக் கையேடு, ஏ5 சைஸ், ஆர்ட் பேப்பர், நாலு கலர், ஆயிரம் பிரதி. தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும். 4-ம் தேதி காலை எட்டு மணிக்கு கேட்டில் இருக்க வேண்டும். வழக்கமான ஐந்து நாள் கணக்குக்கு 12,000 ரூபாய். அவசரத்துக்கு எவ்வளவு என்று அவர் கேட்பதற்கு முன்னால் நான் மாமாவை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளில் கணக்குப் போட வைத்தேன்.

அப்போது மெஷினில் ஒரு காதணி விழா பத்திரிகை ஏறியிருந்தது, மெரூன் மையில். அதை இறக்கி, ரோலர் கழுவி, இந்த வேலையை ஓட்டிவிட்டு, மறுபடி மெரூன் ஏற்றி ரெஜிஸ்டர் சேர்க்க வேண்டும். அதில் போகும் மை, வீணாகும் தாள், மெஷின் நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய். பிளேட் பெங்களூரில் போடுகிறோம். வழக்கமாக நாலைந்து வேலையைச் சேர்த்து ஒரே நடையாக எடுத்து வருவார்கள். இதற்கு மட்டும் ஒரு ஆள் பைக்கில் அத்திப்பள்ளி தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டி டிராஃபிக்கில் போய் வர 500. இரண்டு ராத்திரியும் மூன்று மூன்று மணி நேரம் வேலை. ஆபரேட்டருக்கு மணிக்கு 100, ஹெல்பருக்கு 75; இரட்டிப்பாக்கினால் ஆறு மணி நேரத்துக்கு 1,200-ம் 900-ம். ஆக மொத்தம் 3,600.

"ஒரு பட்டனைத் தட்டினா வரப்போகுது, அதுக்கு மூவாயிரத்து அறுநூறா?" என்றார் அதிகாரி.

மாமா தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "சார், உங்க கம்பெனியில ஓவர்டைமுக்கு என்ன தர்றீங்க?"

"டபுள். சட்டமே அதுதானே."

"இதுல பெரிய தொகை அதுதான் சார்."

அதிகாரி கொஞ்சம் அமைதியானார். பிறகு, "இன்னும் ஆயிரம் தர்றேன். நாளைக்கு நைட்டே முடிச்சிடுங்களேன்" என்றார். அதற்கு மாமா ஒப்புக்கொள்ளவில்லை. ஆர்ட் பேப்பர் மையை உள்ளே இழுக்காது; அது காற்றுப் பட்டுத்தான் காய வேண்டும். ஒரு பக்கம் ஓட்டியபின் ராத்திரி முழுக்கத் தாள் சும்மா இருக்க வேண்டும். காலையில் அடர்ந்த கலர் உள்ள இடத்தில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார் ஆபரேட்டர் அண்ணன். விரலில் கறை வராவிட்டால்தான் திருப்பி ஓட்டுவார். "ஆளுக்குக் காசு கொடுத்தா முழிச்சிருப்பாங்க சார், மை முழிச்சிருக்காது" என்றார் மாமா. (இதை அவர் இதற்கு முன்பும் சொல்லியிருப்பார் என்று சந்தேகம்.)

அப்போது நான் ஒன்று கேட்டேன். "சார், 4-ம் தேதி காலையில மேடையில எத்தனை பேர் கையில புக் இருக்கணும்?"

அவர் யோசித்தார். உறுதிமொழி வாசிக்கிற பிரிவுத் தலைவர்கள், வந்திருக்கும் விருந்தினர்கள் எல்லாம் சேர்த்து நாற்பது. மற்றவர்களுக்கு அந்த வாரத்துக்குள் கொடுத்தால் போதும்.

நாற்பது பிரதியை டிஜிட்டல் மெஷினில் அடிக்கலாம். அதில் டோனர் சூட்டில் ஒட்டிவிடும், காய வைக்கும் வேலையே இல்லை. எட்டுப் பக்கமும் ஒரே ஏ3 தாளின் இரண்டு பக்கத்தில் அடங்கும். மடித்து, பின் அடித்து, ஓரம் வெட்டித் தர ஒரு பிரதிக்கு 30 ரூபாய், ஆக 1,200. ஆயிரத்துக்கும் அந்த விலை கொடுத்தால் கட்டுப்படியாகாது, நாற்பதுக்குக் கட்டும். மீதியை வழக்கமான விலையில், காதணி விழா முடிந்ததும் ஓட்டி 7-ம் தேதி தருவதாக மாமா எழுதிக் கொடுத்தார். அதிகாரிக்கு 2,400 ரூபாய் மிச்சம். எங்களுக்கு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

இப்போது கல்லாவுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அவசரக் கட்டணம் கொட்டேஷனில் தனி வரியாக வரும், வேலை முடிந்தபின் கேட்பதில்லை. நாள் கணக்கு, ஆர்டர் கொடுத்த நேரத்திலிருந்து இல்லை, ப்ரூஃபுக்குச் சரி சொன்ன நேரத்திலிருந்து. இந்த ஒன்றை எழுதாமல் விட்டதில் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கத்தைத் திருத்த மூன்று நாள் எடுத்துக்கொண்டு, தாமதம் எங்களுடையது என்றவர்கள் உண்டு. எங்களால் தாமதமானால் அவசரக் கட்டணம் திருப்பித் தரப்படும். மெஷின் சும்மா இருக்கும் நாளில் அவசரம் என்று வந்தாலும் கட்டணம் கிடையாது. யாருடைய வேலையையும் இறக்கவில்லை, யாரும் கூடுதல் நேரம் நிற்கவில்லை என்றால் எதற்குக் காசு?

தாளை டைப் செய்தபோது, "கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு என்ன மாமா போடறது? அதைவிட அவசரம் எது?" என்று கேட்டேன்.

"அதுக்கு வரி வேண்டாம் பாப்பா."

"அப்ப அண்ணனுக்கு ஓவர்டைம்?"

"அதைக் கொடுத்துடுவேன்" என்றார் மாமா, கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணிக்கொண்டே.