தேதியில்லாத வரி

சித்தூர், திருப்பதி வட்டாரப் பலசரக்குக் கடைகளின் பற்றுக் குறிப்பேட்டை முறையான பில்களாக மாற்ற முற்படுவோருக்குத் தமிழும் தெலுங்கும் கலந்த எழுத்தைக் காட்டிலும் இடர் தருவது தேதியில்லாத வரிகளே.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் ஏப்ரல் 3இல் 420 ரூபாய்க்கும் 17இல் 310 ரூபாய்க்கும் கடனாகச் சரக்கு வாங்குகிறார், 25இல் 500 ரூபாய் கட்டுகிறார், மே 9இல் மீண்டும் 260 ரூபாய்க்கு வாங்குகிறார். எந்தக் கடனுக்கென இருவரும் குறிப்பிடாதபோது, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி பணம் பழைய கடனுக்கே முதலில் சேரும். ஆகவே 420 தீர்ந்து, மிஞ்சிய 80 இரண்டாவது கடனில் கழியும். ஏப்ரல் அறிக்கையின் நிலுவை 230. அதை முன்கொணர்ந்தால் மே நிலுவை 490.

தேதிகள் அழிந்தாலும் இந்த 490 மாறாது. எனவே கூட்டுத்தொகை பொருந்துவது மட்டும் போதாது. அழிவது கடனின் வயது. தவணை பேசாத விற்பனையில், சரக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம்.

ஆதலால் தேதியில்லாத வரிக்கு நாளைக் கற்பிக்கலாகாது. 'ஏப்ரல் 3க்கும் 17க்கும் இடையில்' என்று குறிப்பேட்டின் பக்க எண்ணுடன் எழுதி, பில்லில் அதைத் தயாரித்த நாளையே இட வேண்டும்.

குறிப்பேட்டுப் பதிவு மட்டுமே ஒருவரைக் கடனாளி என நிறுவப் போதாது. அந்த 3 ஆண்டுகளுக்குள் வாடிக்கையாளர் நிலுவையை ஏற்று மாத அறிக்கையில் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து காலக்கெடு புதிதாகத் தொடங்கும்.